கொல்லாமையும் கொள்முதலும்: சமணமும் வணிகரும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமணம் பௌத்தத்திலிருந்து பிரிந்து வந்ததா? இரண்டும் ஒரே மாதிரிதானே இருக்கிறது?

இல்லை. வயதில் சமணம்தான் மூத்தது என்று சொல்லலாம். மகாவீரர் தாமே புதிதாக ஒரு சமயத்தைத் தொடங்கியவர் அல்லர். அவருக்கு முன் பார்சுவநாதரின் வழியில் நடந்த துறவிகள் இருந்தார்கள். மகாவீரரின் பெற்றோரே அந்த வழியைப் பின்பற்றியவர்கள் என்று சமண நூல்கள் சொல்கின்றன. சமண மரபு வழிகாட்டிகளாகப் போற்றும் தீர்த்தங்கரர்களில் பார்சுவர் 23ஆமவர், மகாவீரர் 24ஆமவர்.

பௌத்த நூல்களும் இதற்குச் சாட்சி. அவை மகாவீரரை நிகண்ட நாதபுத்தர் என்று அழைக்கின்றன. புத்தர் காலத்தில் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த ஆறு ஆசான்களின் வரிசையில் அவரை வைத்து, அவரோடு வாதிடுகின்றன. தன்னிலிருந்து பிரிந்துபோன கிளையைப் பற்றி ஒரு சமயம் இப்படி எழுதாது.

ஒன்றுபோலத் தெரிவதற்குக் காரணம், இரண்டும் ஒரே சொற்களைப் புழங்கியதுதான். அருகர், நிர்வாணம், ஜினர், புத்தர் எல்லாமே அன்றைய துறவிகளின் பொதுச்சொத்து. வேதவேள்வியை ஏற்காமல், வீட்டைவிட்டு வெளியேறி, உழைத்து நோற்றவர்கள் எல்லோரையும் 'சிரமணர்' என்றார்கள். நம் 'சமணர்' என்ற சொல் அதிலிருந்து வந்ததுதான். தமிழில் அது ஒரு சாராருக்கு மட்டும் பெயராக நின்றுவிட்டது.

ஏன் இரண்டும் ஒரே காலத்தில், ஒரே பகுதியில் தோன்றின?

மரபுக் கணக்கு மகாவீரரின் காலத்தைக் கி.மு. 599 முதல் 527 வரை என்று சொல்கிறது. இன்றைய ஆய்வாளர்கள் பலர் மகாவீரர், புத்தர் இருவரையுமே கொஞ்சம் பின்னுக்குக் கொண்டுவந்து, கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் இருவரும் ஒரே தலைமுறை. நடமாடியதும் கங்கைச் சமவெளியின் கிழக்குப் பகுதியில், இன்றைய பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும்.

அந்தக் காலத்தில் அந்த நிலம் வேகமாக மாறிக்கொண்டிருந்தது. நெல் விளைச்சல் பெருகியது, இரும்பின் பயன்பாடு கூடியது, ராஜகிருகம், வைசாலி, சம்பா, சிராவஸ்தி போன்ற நகரங்கள் எழுந்தன. முத்திரை குத்திய வெள்ளிக்காசுகள் கைமாறத் தொடங்கின. மாட்டுவண்டிச் சாத்துகள் ஊர்விட்டு ஊர் போயின. பணம் சேர்த்த வணிகருக்கு வேள்விச் சடங்கில் பெரிய இடமில்லை. மாடு அவர்களுக்கு வண்டி இழுக்கும் முதல். வேள்வித்தூணில் கட்டிப் பலியிடும் பொருளாக அதைப் பார்க்க அவர்களுக்கு விருப்பமும் இல்லை.

மகாவீரர் எந்தெந்த ஊரில் மழைக்காலங்களைக் கழித்தார் என்று கல்பசூத்திரம் என்ற சமண நூல் ஒரு பட்டியல் தருகிறது. ராஜகிருகம், நாளந்தா பகுதியில் 14 மழைக்காலம். வைசாலியிலும் அதையொட்டிய வாணியகாமத்திலும் 12. வாணியகாமம் என்றாலே வணிகர் ஊர்தான். நான்கு மாதம் ஓரிடத்தில் தங்கும் துறவி, அந்த ஊர்க்காரர்கள் போடும் சோற்றில்தான் வாழ வேண்டும். நகரத்து வணிகருக்கும் இந்தத் துறவிகளுக்கும் உள்ள உறவு அங்கிருந்தே தொடங்குகிறது.

புத்தரும் கொல்லாமையைத்தானே சொன்னார்? அப்படியென்ன வேறுபாடு?

வைசாலியில் நடந்ததாகப் பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நூலான விநயம் சொல்லும் ஒரு நிகழ்ச்சி இதை நன்றாகக் காட்டும். சீகன் என்ற படைத்தலைவன் நிகண்டர்கள் எனப்பட்ட சமணத் துறவிகளை ஆதரித்து வந்தவன். புத்தரைச் சந்தித்தபின் மனம் மாறி, அவரையும் பிக்குகளையும் உணவுக்கு அழைக்கிறான். சந்தையில் கிடைக்கும் இறைச்சியை வாங்கிவரச் சொல்லி விருந்து வைக்கிறான். நிகண்டர்கள் தெருத்தெருவாகக் கையை உயர்த்திக்கொண்டு போய், "சீகன் கோதமனுக்காகப் பெரிய விலங்கைக் கொன்றான், தெரிந்தே கோதமன் உண்கிறான்" என்று கூவுகிறார்கள். இதைத் தொடர்ந்து புத்தர் விதித்தது: தனக்காகவே கொன்றது என்று கண்டோ, கேட்டோ, ஐயம் கொண்டோ இருந்தால் பிக்கு அந்த இறைச்சியை உண்ணக் கூடாது; அப்படி இல்லையென்றால் உண்ணலாம்.

சமணர்கள் இதை ஏற்கவே இல்லை. அவர்கள் கணக்கில் வினை என்பது நுண்ணிய பொருள். உயிரின்மேல் அது தூசுபோல வந்து ஒட்டுகிறது. நான் அறியாமல் மிதித்தாலும் எறும்பு செத்தது செத்ததுதான். மண், நீர், தீ, காற்று, செடிகொடி எல்லாவற்றிலும் தொடுபுலன் மட்டுமே உள்ள ஓரறிவுயிர்கள் நிறைந்திருக்கின்றன என்பது அவர்கள் கொள்கை. உலகமே உயிர்ப்பெருக்கமாக இருக்கும்போது, 'எண்ணம் தூய்மையாக இருந்தால் போதும்' என்று நின்றுவிட முடியாது.

சமணர் எண்ணத்தைப் பொருட்படுத்தவே இல்லை என்று பௌத்த நூல்கள் எழுதுவது வாதத்துக்காகச் சொல்வது. சமணக் கொள்கைகளைத் தொகுத்துச் சொல்லும் தத்துவார்த்த சூத்திரம் கொலைக்குத் தரும் வரையறையில் 'பிரமாதம்' என்ற சொல் முதலில் நிற்கிறது. அங்கே அதற்குக் கவனக்குறைவு, அசட்டை என்று பொருள். அசட்டையால் உயிருக்கு நேரும் கேடுதான் இம்சை. கொல்லாதே என்பதோடு, பார்த்து நட, பார்த்து எடு, பார்த்து வை என்பதும் சேர்ந்ததுதான் சமணக் கொல்லாமை. வணிகரிடம் போய்ச் சேர்ந்தபோது இந்தக் கவனம்தான் வேலை செய்தது என்பது என் எண்ணம்.

அவ்வளவு கடுமையாக இருந்தால் குடும்பஸ்தன் எப்படிப் பிழைப்பான்? அடுப்பே பற்றவைக்க முடியாதே?

அதனால்தான் துறவிக்கு ஒரு அளவு, இல்லறத்தாருக்கு ஒரு அளவு என்று வைத்தார்கள். துறவிக்கு மகாவிரதம். இல்லறத்தாருக்கு அதே ஐந்தும் சிறிய அளவில்: கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை விழையாமை, பொருள்வரைதல். இவை அணுவிரதங்கள். இவற்றை ஏற்றவர்களைத் தமிழில் சாவகர் என்றார்கள்.

சாவகர் கைவிடுவது நடமாடும் உயிர்களை, அதாவது ஈரறிவு முதல் ஐயறிவு வரை உள்ளவற்றை, வேண்டுமென்றே கொல்வதை. சமைக்கும்போதும் வீடு கட்டும்போதும் தொழில் செய்யும்போதும் தவிர்க்க முடியாமல் நேரும் சேதத்தை முடிந்தவரை குறைத்துக்கொள்ள வேண்டும். பின்னாளைய நூல்கள் இதை நான்காகப் பிரித்தன: திட்டமிட்டுச் செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. இதில் முதல் வகை மட்டுமே சாவகருக்கு முழுத்தடை. தொழிலில் நேரும் சேதத்துக்கு இப்படித் தனியாக ஒரு பெயர் வைத்திருப்பதே, இந்த நூல்களை எழுதியவர்கள் யாரை எதிரில் வைத்துப் பேசினார்கள் என்று காட்டிவிடுகிறது.

ஒரு வணிகர் நிஜமாகவே என்ன உறுதி எடுத்துக்கொண்டார்? உதாரணம் இருக்கிறதா?

உண்டு, அதுவும் விவரமாக. சமணத்தின் இரு பெரும் பிரிவுகளில் ஒன்றான சுவேதாம்பரர்களின் புனித நூல்களான அங்கங்களில் ஒன்று பத்துச் சாவகர்களின் வாழ்க்கையைச் சொல்கிறது. முதலாமவர் வாணியகாமத்து ஆனந்தர். இந்த நூல்கள் இன்றுள்ள வடிவில் தொகுக்கப்பட்டது கி.பி. 5ஆம் நூற்றாண்டில், வலபியில். அதனால் ஆனந்தரின் சொத்துக் கணக்கை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எண்கள் எல்லாம் கதைக்குரிய உருண்டையான எண்கள். ஆனால் ஒரு நல்ல சமண வணிகர் எப்படி இருக்க வேண்டும் என்று அந்தச் சமூகம் நினைத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் கிடையாது.

ஆனந்தருக்கு நான்கு கோடிப் பொன் சேமிப்பில் இருந்தது. நான்கு கோடி வட்டிக்கு விட்டிருந்தது. நான்கு கோடி வீடு, நிலபுலன், தட்டுமுட்டுச் சாமான்களில் இருந்தது. பத்தாயிரம் தலை கொண்ட மந்தைகள் நான்கு. மகாவீரரின் உரையைக் கேட்டபின் அவர் சொல்வது: துறவு கொள்ள எனக்கு வலுவில்லை, இல்லறத்தார் விரதங்களை ஏற்கிறேன்.

பிறகு ஒவ்வொன்றாக வரம்பு கட்டுகிறார். பொன் இந்த நான்கு, நான்கு, நான்கு கோடிக்கு மேல் வேண்டாம். மந்தை இந்த நான்குக்கு மேல் வேண்டாம். ஏர் 500. தொலைவூர்ப் பயணத்துக்கு வண்டி 500, உள்ளூர்ப் பாரத்துக்கு 500. படகு தொலைவுக்கு நான்கு, பக்கத்துக்கு நான்கு. இதைப் படிக்கும் பலர் முதலில் திகைப்பார்கள்: இருப்பதில் எதையுமே அவர் விட்டுக்கொடுக்கவில்லையே! உண்மைதான். இருக்கும் இடத்தில் கோடு போடுகிறார். அந்தக் கோட்டுக்கு மேல் வரும் லாபம் இனி அவருடையதாகத் தங்க முடியாது. அது அறத்துக்குப் போயாக வேண்டும், அல்லது அந்த லாபத்துக்காக ஓடுவதையே அவர் நிறுத்த வேண்டும்.

அதற்குப் பின் வருவது இன்னும் நுணுக்கம். பல் துலக்கப் பச்சை அதிமதுரக் குச்சி மட்டும். தலைக்கு ஒரு வகை நெல்லிக்காய் மட்டும். குளிக்க எட்டுக் குடம் தண்ணீர். உடுக்க ஒரு இணைப் பருத்தித் துணி. குடிக்க மழைநீர் மட்டும். எண்ணெய், பூ, கறி, பருப்பு, பழம் என்று நீளமாகப் போகிறது பட்டியல். பன்னிரண்டு கோடிப் பொன் வைத்திருப்பவர் குளிக்கும் தண்ணீரைக் குடக்கணக்கில் எண்ணுகிறார். ஒவ்வொரு குடத்திலும் எண்ணற்ற நீருயிர்கள் இருக்கின்றன என்று நம்புகிறவருக்கு அந்த எண்ணிக்கை பொருளுள்ளது. நாள்தோறும் இருப்பை எண்ணி ஏட்டில் பதியும் கைக்கு இந்தப் பழக்கம் புதிதும் அல்ல.

பதினான்கு ஆண்டுகள் இப்படி வாழ்ந்து, பதினைந்தாம் ஆண்டில் மூத்த மகனிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு நோன்புக்கூடத்துக்குப் போய்விடுகிறார். அவர் மனைவி சிவநந்தையும் அதே விரதங்களை ஏற்றவர்.

கொல்லாமைக்கும் கடை நேர்மைக்கும் என்ன சம்பந்தம்?

ஒவ்வொரு அணுவிரதத்துக்கும் ஐந்து மீறல்களைச் சொல்லிவைத்திருக்கிறார்கள். அவற்றைப் படித்தால், வண்டிப்பேட்டையிலும் கடைத்தெருவிலும் நின்று எழுதியதுபோல இருக்கும்.

கொல்லாமை விரதத்தின் ஐந்து மீறல்கள்: உயிர்களைக் கட்டிவைத்து வதைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், தாங்காத பாரம் ஏற்றுதல், தீனியும் தண்ணீரும் கொடுக்காமல் விடுதல். யாரும் செத்துவிடவில்லை, ஆனாலும் விரதம் பழுதுபட்டுவிடுகிறது. நான்கு வண்டிச் சரக்கை மூன்று வண்டியில் ஏற்றினால் ஒரு சோடி மாட்டின் கூலி மிச்சம். அந்த மிச்சம்தான் இங்கே நான்காவது மீறல். மனிதக் கூலியாட்களுக்கும் இந்த ஐந்தும் பொருந்தும் என்றே உரையாசிரியர்கள் கொண்டார்கள்.

கள்ளாமையின் மீறல்கள்: திருடத் தூண்டுதல், திருட்டுப்பொருளை வாங்குதல், அரசின் விதியை மீறி வாணிகம் செய்தல், கொடுக்க ஒரு படியும் கொள்ள ஒரு படியுமாக வைத்தல், கலப்படம் செய்தல். பொய்யாமையின் மீறல்களில் பொய்ப்பத்திரம் எழுதுவதும், ஒருவர் நம்பி ஒப்படைத்த அடைக்கலப் பொருளைக் குறைத்துக் கொடுப்பதும் உண்டு. அடைக்கலம் வைத்தவர் தொகையை மறந்து குறைத்துக் கேட்டால், அவர் கேட்டதை மட்டும் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பதும் இதில் சேரும்.

காவல்நிலையமும் வங்கியும் இல்லாத காலத்தில், முன்பின் தெரியாத ஊரில், ஒருவர் இந்த விரதங்களை எல்லோர் முன்னாலும் ஏற்றவர் என்று தெரிந்தால் அவரிடம் சரக்கை நம்பி விடலாம். விரதம் அவருக்கு மறுமைக்காக. ஊராருக்கோ அதுவே பிணை. எல்லாச் சமணரும் இதன்படி நடந்தார்கள் என்று சொல்ல முடியாது. மீறல்களை இவ்வளவு துல்லியமாக எழுதவேண்டி வந்ததே, அவை நடந்துகொண்டிருந்தன என்பதற்கு அடையாளம்.

எந்தெந்தத் தொழில்களுக்குத் தடை?

பதினைந்து தொழில்களைச் சொல்வார்கள். கரி சுடுவது, காடு வெட்டுவது, வண்டி செய்து விற்பது, வண்டியும் மாடும் வாடகைக்கு விடுவது, நிலத்தைத் தோண்டுவதும் உழுவதும் ஒரு கூட்டம். தந்தம், அரக்கு, மது போன்ற திரவங்கள், நஞ்சு, மயிருள்ள உயிர்கள் என ஐந்து வாணிகம். இந்தக் கடைசிச் சொல்லுக்குள் கால்நடையும் அடிமைகளும் அடக்கம். பிறகு செக்காட்டுவது, காயடிப்பது, காட்டுக்குத் தீ வைப்பது, ஏரி குளங்களை வற்றச்செய்வது, இழிதொழிலுக்கு ஆள் வளர்த்துப் பிழைப்பது.

ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு காரணம் உண்டு. அரக்கு என்பது மரத்தில் ஒட்டிய பூச்சிகளின் பிசின்; அதைச் சுரண்டி உருக்கும்போது பூச்சிகள் கூட்டத்தோடு அழியும். தந்தம் வாங்குகிறவர் இருக்கும்வரை யானையைக் கொல்கிறவர் இருப்பார். வணிகர் அம்பு எய்யவில்லை, ஆனால் முன்பணம் கொடுத்தவர் அவர். விற்பனைச் சங்கிலியின் மறுமுனையில் நடக்கும் கொலைக்கும் வாங்குகிறவரைப் பொறுப்பாக்கியது இந்தப் பட்டியல்.

ஆனால் ஆனந்தருக்கு 500 ஏரும் ஆயிரம் வண்டியும் இருந்ததே! இந்தப் பட்டியலும் அதே நூலில், அதே ஆனந்தரிடம் சொல்லப்படுவதுதான். முரண் வெளிப்படையாகவே நிற்கிறது. சொந்தத் தேவைக்கு ஏரும் வண்டியும் வைத்திருப்பது வேறு, அதையே பெருந்தொழிலாக நடத்துவது வேறு என்று கொண்டால் ஓரளவு பொருந்தும்.

ஆக, உழவு பாவம் என்று சொன்னதால்தான் சமணர்கள் வியாபாரிகளானார்கள், சரிதானே?

பாடநூல்களில்கூட வரும் விளக்கம் இது. ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் வலுவாக முன்வைத்த கருத்து. கேட்க நேராகத்தான் இருக்கிறது. சான்றுகளோடு வைத்துப் பார்த்தால் பாதிதான் நிற்கும்.

மதுராவில் கங்காளி மேட்டில் கிடைத்த சமணக் கல்வெட்டுகளைப் பாருங்கள். குஷாணர் காலத்தவை. சாத்துத் தலைவர் வீட்டுப் பெண், நறுமணப் பொருள் வணிகர் குடும்பத்தார் என்று நாம் எதிர்பார்க்கும் கொடையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு கோவன் என்ற இரும்புக்கொல்லரும் இருக்கிறார். இன்று கிடைத்திருக்கும் மிகப் பழைய சரஸ்வதி சிலைகளில் ஒன்றைச் செய்வித்து அளித்தவர் அவர்தான். அதன் பீடத்தில் ஆண்டு 54 என்றிருக்கிறது, கி.பி. 132 அளவில். கையில் ஏடு பிடித்து அமர்ந்திருக்கும் அந்தச் சிலைக்குத் தலை உடைந்துபோயிற்று. நாளெல்லாம் தீயோடும் இரும்போடும் வேலை செய்தவரின் கொடையைச் சங்கம் ஏற்றுக்கொண்டது. ஆனந்தர் கதை வரும் அதே நூலில் சத்தாலபுத்தர் என்ற குயவரும் சாவகராகிறார். சூளை வைக்காத குயவர் உண்டா?

இன்றைய நிலையையும் பார்க்கலாம். தெற்கு மகாராட்டிரத்திலும் வடகர்நாடகத்திலும் சமணர்கள் பெரும்பாலும் உழவர்கள். நம் ஊரில் வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரத்துத் தமிழ்ச் சமணர்களான நயினார்களுக்கும் நெல்லும் மணிலாவும்தான் வாழ்வு. பொழுது சாய்வதற்குள் உண்டு முடிப்பார்கள். விடிந்ததும் கழனிக்குப் போவார்கள்.

உழவைக் குறைசொல்லும் விதி குஜராத், ராஜஸ்தான் பக்கத்தில் வணிகச் சாதிகள் ஏற்கெனவே சமணத்தில் நிறைந்தபின் ஆழமாக வேர்விட்டது என்றே நான் நினைக்கிறேன். வணிகர் தங்களுக்குப் பொருந்திய விதியை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். உழவர் தங்களால் கடைப்பிடிக்கக் கூடியதைக் கடைப்பிடித்தார்கள்.

வட்டித் தொழில் மட்டும் அகிம்சையா?

தடைசெய்த பதினைந்து தொழில்களில் வட்டி இல்லை. ஆனந்தரின் பன்னிரண்டு கோடியில் நான்கு கோடி வட்டியில்தான் இருந்தது. பூச்சி சாகாத தொழில் என்பதால் அது எளிதாகத் தப்பிவிட்டது. கடன்பட்டவரின் குடும்பம் படும் துன்பம் இந்தக் கணக்கில் வரவே இல்லையா என்று கேட்டால், அதைத் தடுக்கும் ஒரே விதி பொருள்வரைதல்தான். அதுவும் கடன் கொடுத்தவர் தாமாகக் கட்டிக்கொள்ளும் கோடு. சிற்றுயிரிடம் காட்டிய அதே நுணுக்கத்தைக் கடன்பத்திரத்தில் காட்டாதது இந்தப் பட்டியலின் குறை என்று எனக்குப் படுகிறது.

பௌத்தத்துக்கும் வணிகர்தானே ஆதரவு? இந்தியாவில் அது மறைந்து, சமணம் எப்படி நிலைத்தது?

அனாதபிண்டிகர் போன்ற பெருவணிகர்கள் புத்தர் பக்கம் இருந்தது உண்மை. வேறுபாடு அமைப்பில் இருக்கிறது. சமணத்தில் சங்கம் என்றாலே நால்வகை: துறவி, துறவினி, சாவகர், சாவகி. கடை வைத்திருப்பவரும் சங்கத்தின் உறுப்பினர். அவருக்கென்று விரதமும் படிநிலையும் உண்டு. துறவி தவறினால் கேள்வி கேட்கும் உரிமையும் அவருக்கு இருந்தது. பௌத்தத்தில் எடை முழுவதும் பெருவிகாரங்களின்மேல் ஏறியது. நாளந்தா போன்றவை அழிந்தபோது தாங்கிப்பிடிக்க வெளியே வலுவான இல்லறச் சமூகம் மிஞ்சவில்லை. சமணத் துறவிகள் மழைக்காலம் தவிர ஊர் ஊராக நடந்தவர்கள். ஒவ்வொரு ஊரிலும் அவர்களுக்குச் சோறிட வீடுகள் இருந்தன.

தமிழகத்தில் சமணத்துக்கும் வணிகருக்கும் பழைய தொடர்பு இருந்ததா?

நம்மிடம் இருக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளே அதைத்தான் சொல்கின்றன. மதுரைக்கு அருகில் மாங்குளம் குன்றில் கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கணிநந்தன் என்ற துறவிக்காக நெடுஞ்செழியனின் ஆட்கள் செய்வித்த கொடை ஒன்றில் வருகிறது. இன்னொன்றில் வெள்ளறை நிகமத்தார் வருகிறார்கள். நிகமம் என்றால் வணிகக் குழு. வட இந்தியக் கல்வெட்டுகளில் புழங்கும் அதே சொல், பாண்டிய நாட்டுப் பாறையில்.

அழகர்மலையில், கிடாரிப்பட்டிப் பக்கம் உள்ள குகைக்குப் போனால் தனித்தனி வணிகர்களையே சந்திக்கலாம். மதுரைப் பொற்கொல்லன் ஒருவன், உப்பு வணிகன் ஒருவன், துணி விற்கும் அறுவை வணிகன் ஒருவன், வெல்லப்பாகு விற்கும் பணித வணிகன் ஒருவன் என்று பெயரோடு வெட்டியிருக்கிறது. துறவிகள் தங்கும் பாறையைச் செப்பம்செய்ய ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தவர்கள் இவர்கள். அந்த வரிசையில் ஒரு கொழு வணிகனும் இருக்கிறான். கொழு என்பது ஏரில் மாட்டும் இரும்புமுனை. மண்ணைக் கிழிக்கும் கருவியை விற்றுச் சேர்த்த காசில் ஒரு பங்கை, மண்ணில் உயிர் இருக்கிறது என்று சொன்ன துறவிகளின் படுக்கைக்காக அவன் கொடுத்திருக்கிறான். அவன் பெயர் எள சந்தன்.